கண்ணாடிக்கு நடுக்கம்பி வைத்த கதை

என் மாமனார் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊருக்கு ஊர் யாராவது நிற்கத்தான் செய்கிறார்கள். அடுத்த வாக்கியத்தில்தான் எனக்கு அரசியலில் அக்கறை வந்தது.

"ஜெயிச்சா ஊருல இருப்பேன் மாப்ள. தோத்துட்டா அந்த மண்ணுல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன். பெட்டியத் தூக்கிக்கிட்டுப் பொண்ணு வூட்டுக்கு வந்துருவேன்."

பொண்ணு வீடு என்றால் என் வீடு. அரியலூரில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், இரண்டு அறை, ஒரு மின்விசிறி. மாமனார் விடியும் முன்பே எழுந்து, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத் தொண்டையைச் சுத்தம் செய்கிறவர். குறட்டையோ சிமெண்டு லாரி மேடு ஏறுகிற சத்தம். அன்றைக்கே பெட்டியை எங்கே வைப்பது என்று மனதுக்குள் அளந்துவிட்டு, அளந்த அதிர்ச்சியில், "சின்னம், போஸ்டர், சுவரு எல்லாம் என் பொறுப்பு மாமா" என்று சொல்லிவிட்டேன்.

என் தொழில் அதுதான். அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு மறுபடி பிரிந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, லாரிக்குப் பின்னால் ஒட்டும் பெயர் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் என் கூட்டாளியுடையது. லப்பைக்குடிக்காட்டுக்காரன். துபாயில் சில வருடம் இருந்துவிட்டு வந்து, சம்பாதித்ததையெல்லாம் அந்த மெஷினில் போட்டவன். என்னைத் "தலைவரே" என்றுதான் கூப்பிடுவான். மரியாதைக்காக இல்லை.

மாமனாரின் ஊர் உடையார்பாளையம் பக்கம். தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். மாமனாருக்கு மூக்குக் கண்ணாடி சின்னம் கிடைத்தது. அவருக்குத் தாங்கமுடியாத மகிழ்ச்சி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு தடித்த கண்ணாடி போட்டவர். "என் மூஞ்சியே சின்னம் மாப்ள!" என்றார். இரண்டாமவர் முந்திரி வியாபாரி. கிருதாவும் மீசையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்ட ஆள். அவருக்கு வளையல் சின்னம் விழுந்திருந்தது. இரண்டு வளையல்கள், பக்கம் பக்கமாக. மூன்றாமவர் பழைய டிராக்டர் டிரைவர். ஏணி சின்னம். அவரிடம் போஸ்டருக்குக் காசு இல்லை. ஆகவே நிஜமான மூங்கில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நானும்தான்.

மாமனார் மைக் கிடைத்த முதல் நாளே ஆட்டோவில் நின்று முழங்கினார்: "எதிர்த்து நிக்கிறவருக்கு வளையலு குடுத்துருக்காங்க. மீசைய முறுக்குனது போதும், வளையலப் போட்டுக்கிட்டு வூட்டுல உக்காரச் சொல்லுங்க!"

குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண் சொன்னாராம்: "வளையலு போட்ட கையிதான ஓட்டுக் குத்தப் போவுது பெருசு. பாத்துப் பேசு."

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மாமனாரின் கண்ணாடியோடு போராடிக்கொண்டிருந்தேன்.

சின்னம் கட்டைவிரல் அளவில், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாளில் வந்திருந்தது. சுவரில் அதை ஒன்றேகால் அடி அகலத்துக்கு அடிக்க வேண்டும். அப்படியே பெரிதாக்கினால் கோடெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாகிவிடும். ஆகவே ஸ்கேன் செய்து, படத்தைக் கோட்டு வடிவங்களாக மாற்ற வேண்டும். வடிவமாகிவிட்டால் மலை அளவுக்கும் இழுக்கலாம். ஓரம் கத்தி மாதிரி நிற்கும். வெட்டும் மெஷினுக்கும் வடிவம்தான் புரியும், படம் புரியாது.

கண்ணாடியின் இரண்டு வளையமும் நல்ல தடிமன். நடுவில் மூக்கின் மேல் உட்காரும் கம்பியும் காதுக்குப் போகும் கம்பிகளும் மட்டும் முடி மாதிரி மெல்லிசு. அவசரத்தில் வெறும் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தேன். அந்த முறையில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. மெல்லிசான கம்பிகள் பாதி வெள்ளையாகி, எறும்பு வரிசை மாதிரித் துண்டு துண்டாக நின்றன. பார்த்தேனா? பார்த்தேன். பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று, படத்தைத் தானாகவே வடிவமாக்கும் ட்ரேஸுக்குக் கொடுத்தேன்.

அந்த மென்பொருளுக்கு எது கண்ணாடி, எது தூசி என்று தெரியாது. கறுப்பாக எது இருந்தாலும் சுற்றி ஒரு கோடு போட்டுவிடும். ஜெராக்ஸ் மெஷினின் கீறல், தாள் மடிப்பு, யாரோ சாப்பிட்ட மிக்சரின் எண்ணெய்ப் பொட்டு, எல்லாம் வடிவமாகிவிட்டன. திரை பூரா கடுகு கொட்டியது போல. ஒவ்வொன்றாக அழிக்க யாருக்குப் பொறுமை? இன்ன அளவுக்குக் கீழே இருப்பதையெல்லாம் விட்டுவிடு என்று ஓர் எண்ணைக் கொடுத்து மறுபடி ட்ரேஸ் செய்தேன்.

திரை பளிச்சென்று ஆனது. தூசி போயிற்று, மிக்சர் போயிற்று. அவற்றோடு சேர்ந்து எறும்பு வரிசையும் போயிற்று.

அதை நான் கவனிக்கவில்லை. ஏன் என்றால் அதற்குள் இடது வளையத்துக்குள் புகுந்துவிட்டேன். தானாக ட்ரேஸ் ஆன வட்டம் தூரத்தில் இருந்து வட்டம். கிட்டே போனால் பலாப்பழத் தோல். ஓரமெல்லாம் முள்ளு முள்ளாகப் புள்ளிகள். ஒரு நல்ல வட்டத்துக்கு நாலு புள்ளி போதும். மீதியை அழித்து, வளைவைத் தடவித் தடவிச் சரி செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அடுத்து உள்வட்டம். பார்வைக்கு ஓட்டை மாதிரித் தெரிந்தாலும், அது ஓட்டை இல்லை. கறுப்புத் தட்டின் மேல் வைத்த வெள்ளைத் தட்டு. இரண்டையும் இணைத்து நிஜ ஓட்டையாக்கினேன். பிறகு வலது வளையம். திரையில் முழுக்க ஒரு வளையத்தின் கால்வாசிதான் தெரிகிற அளவுக்கு நெருங்கி உட்கார்ந்திருந்தேன். முழுப் படத்தையும் பார்க்க ஒரே ஒரு பொத்தான்தான். அதை அழுத்தவில்லை.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. சுவரில் வைத்துப் பெயிண்ட் அடிக்க, சின்னம் ஓட்டையாக இருக்கும்படி ஒரு தகடு வெட்ட வேண்டும். தகட்டில் வளையத்தை வெட்டினால் நடுவில் இருக்கும் வட்டம் பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். ஆகவே வளையத்துக்குக் குறுக்கே அங்கங்கே சின்னச் சின்ன இணைப்பு விட வேண்டும். எவ்வளவு புத்திசாலி பாருங்கள், அதை ஞாபகமாக விட்டேன். ஒவ்வொரு வளையத்திலும் நாலு இடத்தில் இணைப்பு வைத்தேன். இரண்டு வளையத்துக்கும் நடுவில் வைக்க வேண்டியதை மட்டும் வைக்கவில்லை.

கூட்டாளி ஸ்டிக்கரில் வெட்டி எடுத்து, ஆஸ்பத்திரியில் வாங்கிய பழைய எக்ஸ்ரே பிலிமில் ஒட்டினான். யாருடைய விலா எலும்போ தெரிந்தது. அதன் மேலேயே ஓரத்தைப் பிடித்து பிளேடால் வெட்டி, தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"தலைவரே, சின்னம் என்னன்னீங்க?"

"மூக்குக் கண்ணாடி."

"சரிங்க."

அவ்வளவுதான். பின்னால் அவனைப் பிடித்து உலுக்கியபோது சொன்னான்: "மெல்லிசுக் கோடு வெட்டும்போது பிஞ்சிரும், எடுத்துருங்கன்னு நானே எத்தனை தடவ சொல்லிருக்கேன்? நம்ம ஆளு பேச்சக் கேட்டுட்டாருன்னு சந்தோசப்பட்டேன், வல்லாஹி, சத்தியமா."

தகட்டைப் பேருந்தில் ஒரு பெயிண்டரிடம் கொடுத்து அனுப்பினேன். ஜெயங்கொண்டத்துக்காரர், ஊருக்குப் புதியவர், வேகத்துக்குப் பெயர் போனவர். மாமனார் அன்றைக்கு ஓட்டுக் கேட்டு வெளியூரில் வேலை பார்க்கிற சொந்தங்களைத் தேடிப் போயிருந்தார். மறுநாள் காலை ஊருக்குத் திரும்பினார்.

கடையில் போன் அடித்தது.

என் மாமனாருக்கு ஒரு பழக்கம். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"மாப்பிள்ளைங்களா பேசுறீங்க?"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஆமாங்க மாமா."

"ஊரு பூரா சுவரு எழுதியாச்சுங்க. ரொம்ப அழகா இருக்குங்க. தண்ணித் தொட்டியில எழுதுனது ரோட்டுலேருந்தே தெரியுதுங்க."

"சந்தோசங்க மாமா."

"என் பேரு போட்டு, கீழ வளையலு போட்டுருக்கீங்க."

"என்னங்க?"

"வளையலுங்க. ரெண்டு வளையலு. டிசைன் வளையலு. அங்கங்க வெட்டு வெட்டா வேற இருக்கு. அந்த மீசக்காரன் வந்து என் கையப் புடிச்சு நன்றி சொல்லிட்டுப் போறான்டா!"

'டா' வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. என் கண்ணில் பெட்டி தெரிந்தது. அலமாரிக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, மாமனாரின் பச்சை டிரங்குப் பெட்டி.

ஓடிப்போய் ஃபைலைத் திறந்து, முழுப் படம் காட்டும் பொத்தானை அழுத்தினேன். நகைக்கடை விளம்பரத்துக்கே கொடுக்கலாம், அவ்வளவு சுத்தமான இரண்டு வளையல்.

கூட்டாளி தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தான். "மாஷா அல்லா, என்ன ரவுண்டு!"

"உன்னக் கொன்னுருவேன்."

"ஏன் பதறுறீங்க தலைவரே? வளையம் ரெண்டும் சுவத்துல இருக்குல்ல? நடுக்கம்பியும் காதுக்கம்பியும் மட்டும் தனியா வெட்டிக் குடுங்க. போயி அதுமேல அடிச்சுட்டு வரட்டும்."

நல்ல யோசனைதான். ஆனால் நல்ல யோசனையைப் பதற்றத்தில் இருப்பவனிடம் கொடுக்கக் கூடாது.

மறுபடி ஸ்கேன் செய்தேன், இந்த முறை சாம்பல் நிறமும் வரும்படி, நெருக்கமாக. கம்பி மங்கலாக என்றாலும் முழுசாகத் தெரிந்தது. ட்ரேஸை நம்பாமல், படத்தை அடியில் அசையாமல் பூட்டி வைத்துவிட்டு, மேலே கையால் கோடு இழுத்தேன். நடுக்கம்பிக்கு மேல் பார்த்த ஒரு வளைவு. காதுக்கம்பிகள் இரண்டும் வளையத்தின் வெளி ஓரத்திலிருந்து மேலே சாய்ந்து போகும். கோட்டைத் தடிமனாக்கி வெட்டக் கொடுத்தேன்.

கூட்டாளி ஸ்டிக்கரைத் தூக்கிக் காட்டினான். அதில் ஒரு கீறல்தான் இருந்தது. "என்ன தலைவரே, பூனை நகத்தால பிராண்டுன மாதிரி இருக்கு?"

திரையில் தடிமனாகத் தெரிந்தாலும் கோடு கோடுதான். மெஷின் தடிமனைப் பார்க்காது. நடுவில் ஒரு தடவை கத்தியை ஓட்டிவிட்டுப் போய்விடும். கோட்டை வடிவமாக மாற்றிய பிறகுதான் அதற்கு இரண்டு கரை உண்டாகும். பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்தது. மாற்றினேன். வெட்டினான். சுவரில் இருக்கும் வளையத்தோடு தகடு சரியாக உட்கார, இரண்டு பக்கமும் பிறை மாதிரி ஓரக்குறி வைத்தேன். மனதார என்னையே மெச்சிக்கொண்டேன்.

எது மேல், எது கீழ் என்று தகட்டில் எழுதவில்லை.

பெயிண்டரைப் பிடித்துத் தகட்டைக் கையில் கொடுத்தேன். "அண்ணே, ஊருல எங்கெல்லாம் ரெண்டு வளையம் இருக்கோ, அங்கெல்லாம் இதை வச்சு அடிச்சுட்டு வந்துருங்க. ஒண்ணு விடக் கூடாது."

அவர் தலையாட்டினார். "ஒண்ணு விட மாட்டேங்க."

சொன்ன சொல் தவறாத மனிதர். ஒன்று விடவில்லை. மாமனாரின் வளையம், மீசைக்காரரின் வளையல், ஊரில் எத்தனை ஜோடி இருந்ததோ அத்தனைக்கும் நடுக்கம்பியும் காதுக்கம்பியும் வைத்துவிட்டார். எக்ஸ்ரே பிலிம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே. பாதி இடத்தில் தலைகீழாகப் பிடித்து அடித்திருந்தார். அங்கெல்லாம் நடுக்கம்பி கீழ்நோக்கிச் சிரித்தது, காதுக்கம்பிகள் நிஜக் காது மாதிரியே தொங்கின. தண்ணீர்த் தொட்டியில் என் மாமனார் பெயருக்குக் கீழே ஒரு சோகமான மாடு ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த போனை நான் எடுக்கவில்லை. கூட்டாளி எடுத்தான். "தலைவர் வெளிய போயிருக்காருங்க" என்றான். பிறகு நெடுநேரம் "ம்... ம்..." என்றான். வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உங்க மாமனாரு மட்டும் இல்ல. மீசக்காரரும் பக்கத்துல நின்னு பேசுறாரு. ரெண்டு பேரும் ஒரே போன்ல."

"என்ன சொல்றாங்க?"

"ரெண்டு பேரும் ஒரே விசயத்தத்தான் சொல்றாங்க."

மீசைக்காரர் தேர்தல் அதிகாரியிடம் புகார் கொடுத்தார். ஒன்றிய அலுவலகத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். என்னையும். மாமனார் என் பக்கம் திரும்பவே இல்லை. மீசைக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி சுவர்களின் போட்டோக்களை மேஜையில் பரப்பி, தன் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இதுல யாரு வளையல், யாரு கண்ணாடி?"

மீசைக்காரர் எழுந்தார். "சார், வளையல் குடுத்தப்பவே ஊரே சிரிச்சுது. பொறுத்துக்கிட்டேன். இப்பத்தான் பொம்பளைங்க எல்லாம் நம்ம சின்னம்னு ஆதரவா வந்தாங்க. அதுக்குள்ள வளையலுக்குக் காது வச்சுப்புட்டாங்க சார்."

"உங்க பேரு போட்ட கண்ணாடியும் இருக்கு," என்றார் அதிகாரி.

"அதத்தான் சார் எனக்கு வேணாங்கறேன்!"

"இது என்ன?" அதிகாரி தண்ணீர்த் தொட்டிப் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"தலைகீழ்க் கண்ணாடிங்க சார்," என்றேன்.

"மாடு மாதிரி இருக்கே. மாடு சின்னத்துல யாரும் நிக்கலியே?"

"இல்லீங்க சார்."

"நீங்க யாரு?"

"டிசைனருங்க."

அந்தச் சொல் என் வாயில் இருந்து வந்தபோது மாமனார் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தடித்த கண்ணாடி இரண்டு மடங்காக்கிக் காட்டியது.

தீர்ப்பு எளிது. வாக்காளருக்குக் குழப்பம் உண்டாக்குகிற எல்லாச் சுவரையும் இரண்டு தரப்பும் உடனே வெள்ளையடித்து அழிக்க வேண்டும். புதிதாக எழுத நேரம் கிடையாது.

அழிக்கப் போனால், உயரத்தில் இருப்பதற்கெல்லாம் ஏணி வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூட மதில், மாடி வீடுகள். ஊரில் ஏணி யாரிடம் இருக்கிறது? ஒருவரிடம்தான் இருக்கிறது. அவர் அதைத் தோளிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

மாமனார் ஆட்களும் மீசைக்காரர் ஆட்களும் போட்டி போட்டுக்கொண்டு டிராக்டர் டிரைவரிடம் போனார்கள். அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு ஏணி போதாதென்று, பக்கத்து ஊரில் இருந்து தெரிந்தவர்களிடம் இன்னும் சில ஏணிகள் வாங்கிக் கொடுத்தார். "பாத்து ஏறுங்கண்ணே, நானே புடிச்சுக்கறேன்" என்று கீழே நின்று பிடித்துக்கொண்டார். நானும் ஒரு ஏணியில் ஏறி, சுண்ணாம்பு மூஞ்சியில் வழிய, என் அழகான வளையங்களை அழித்துக்கொண்டிருந்தேன். அழிக்கும்போதுகூட, விளிம்பு எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். அவ்வளவு கேவலமான பிறவி நான்.

மேலே இருந்து ஊரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஊர் பூரா வெள்ளைச் சுவர். எந்தச் சின்னமும் இல்லை. ஒவ்வொரு வெள்ளைச் சுவரிலும், அழகாக, நேராக, ஒரு ஏணி சாத்தியிருந்தது.

குழாயடியில் நின்றிருந்த பெண்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "ரெண்டு பேரும் அசிங்கம் பண்ணுனத அந்த மனுசன்தான் நின்னு புடிச்சுத் தொடைக்கிறாரு பாரு."

அதற்கு மேல் வாக்கு எண்ணிக்கை என்பது ஒரு சடங்குதான். டிராக்டர் டிரைவர் ஜெயித்தார். நன்றாகவே ஜெயித்தார்.

முடிவு தெரிந்த மறுநாள் காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பச்சை டிரங்குப் பெட்டி முதலில் இறங்கியது. என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்கப்பா" என்றாள். பெட்டியின் ஒரு பிடியை என் பக்கம் திருப்பி வைத்தாள். பெட்டி நான் அளந்து வைத்திருந்த அதே இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அளவில் மட்டும் நான் தவறு செய்வதில்லை.

மாமனாருக்கு வீட்டில் பொழுது போகவில்லை. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ கடைக்கு வந்துவிட்டார். எனக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து திரையையே பார்த்தார். கூட்டாளி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ட்ரேஸ் என்றால் என்ன என்று விளக்கினான். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

சில மாதம் கழித்து முந்திரி வியாபாரி மாடியேறி வந்தார். கடைக்குப் போர்டு வைக்க வேண்டுமாம். கையால் வரைந்த முந்திரிப் பழப் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மாமனாரும் அவரும் ஒருவரை ஒருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள். அந்த விவகாரத்தில் அவர்களுக்குள் ஒரு பாசம் உண்டாகிவிட்டிருந்தது; பொது எதிரி நான்.

படத்தை ஸ்கேன் செய்தேன், சாம்பல் நிறத்தில். ட்ரேஸுக்குக் கொடுத்தேன். திரையில் கடுகு கொட்டியது. இன்ன அளவுக்குக் கீழே இருப்பதை விடு என்று எண் கொடுக்கும் இடத்துக்கு என் கை போனது.

"நில்லுங்க மாப்ள," என்றார் மாமனார். ஸ்டூலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். தடித்த கண்ணாடி கிட்டத்தட்டத் திரையில் மோதியது. விரலால் ஒரு புள்ளியைத் தொட்டார். "இது என்னங்க?"

"தூசிங்க மாமா."

"இது?"

"அதுவும் தூசிங்க."

மீசைக்காரரும் குனிந்து பார்த்தார். "இது காம்பு மாதிரி இருக்கே."

"காம்பு அங்க இருக்குங்க. இது தூசி."

"எதுக்கும் இருக்கட்டும் மாப்ள," என்றார் மாமனார். "முழுப் படத்தையும் ஒரு தடவ காட்டுங்க, பாத்துட்டு அழிக்கலாம்."

காட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு புள்ளியாக விசாரித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. சாயங்காலம் வரை போனது. மூன்று தூசிக்கு மாமனார் மன்னிப்பு வழங்கினார். அந்தப் போர்டில் முந்திரிக்குப் பக்கத்தில் அவை இன்றைக்கும் இருக்கின்றன. யாராவது கேட்டால், பிஞ்சு என்று முந்திரி வியாபாரி சொல்லிக்கொள்கிறார்.